சராசரியின் மேல் ஓர் ஆப்ஷன்: கடலூர் சிப்காட்டில் மூன்று விலைகள்

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் நிதி மேலாளர் மேசை மேல் ஒரே தாளில் மூன்று விலைகளை எழுதி வைத்திருந்தார். 35 லட்சம், 26 லட்சம், 23 லட்சம் ரூபாய். மூன்றுமே டாலர் ஏறினால் பணம் தரும் ஆப்ஷன்கள். மூன்றுக்கும் ஸ்ட்ரைக் விலை, அதாவது எதைத் தாண்டினால் பணம் வருமோ அந்த விலை, 85 ரூபாய். அளவு 30 லட்சம் டாலர், காலம் 6 மாதம். "சார், மூணாவது ஏன் இவ்வளவு மலிவு? எதையோ நம்மகிட்டேருந்து எடுத்துக்கிட்டுத்தானே குறைச்சிருப்பாங்க? எங்க எம்.டி. அதைத்தான் கேக்கறார்" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போட்ட கணக்குதான் இது. ஆலையின் அடையாளம் தெரியாமலிருக்க அளவையும் விகிதங்களையும் வட்டமான எண்களாக்கியிருக்கிறேன். வங்கியின் லாபமும் வட்டியும் கணக்கில் இல்லை. டாலரின் ஃபார்வர்டு விலையும், அதாவது பின்னொரு தேதியில் வாங்க இன்றே பேசி முடிக்கும் விலையும், 85-தான் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

முதலில் ஆலையின் தேவை. மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வருகிறது. மாதக் கடைசியில் 5 லட்சம் டாலர் கட்ட வேண்டும். 6 மாதத்தில் 6 தடவை. ஆறு மாதம் முடிந்ததும் திரும்பிப் பார்த்தால், அவர்கள் டாலருக்குக் கொடுத்த விலை என்பது அந்த 6 நாள் விலைகளின் சராசரி. சராசரி ஒரு ரூபாய் ஏறினால் 30 லட்சம் ரூபாய் கூடுதல் செலவு. ஆறாவது மாதக் கடைசியில் டாலர் எங்கே நிற்கிறது என்பது அவர்களுடைய செலவில் ஆறில் ஒரு பங்கை மட்டும் தீர்மானிக்கிறது.

தாளில் இருந்த மூன்றில் முதலாவது, 30 லட்சம் டாலருக்கும் சேர்த்து ஒரே சாதாரண ஆப்ஷன். ஆறாவது மாதக் கடைசி நாளின் விலையை மட்டும் பார்க்கும். இரண்டாவது, 5 லட்சம் டாலர் வீதம் ஆறு தனித்தனி சாதாரண ஆப்ஷன்கள், மாதத்துக்கு ஒன்றாக முடிபவை. மூன்றாவது, ஆறு மாதக்கடைசி விலைகளையும் கூட்டி ஆறால் வகுத்து, அந்தச் சராசரி 85-ஐத் தாண்டினால் தாண்டிய அளவைத் தருவது. இதற்குத்தான் ஆசிய ஆப்ஷன் என்று பெயர். 1987-இல் பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியைச் சேர்ந்த மார்க் ஸ்டாண்டிஷ், டேவிட் ஸ்பாட்டன் இருவரும் டோக்கியோவில் இருந்தபோது கச்சா எண்ணெயின் சராசரி விலைக்கான ஆப்ஷனுக்கு விலை போடும் முறையை உருவாக்கினார்கள். ஆசியாவில் இருந்தபோது செய்ததால் அந்தப் பெயர். ஆசியச் சந்தைக்கும் இதற்கும் வேறு தொடர்பில்லை. ஐரோப்பிய ஆப்ஷன், அமெரிக்க ஆப்ஷன் என்ற பெயர்களும் அப்படித்தான். முதலாவதை முடிவு நாளில் மட்டும் பயன்படுத்தலாம், இரண்டாவதை இடையில் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதே வித்தியாசம்.

விலைக்கு வருவோம். ஆப்ஷன் வாங்கியவருக்கு இறக்கத்தில் கொடுத்த விலைக்கு மேல் நஷ்டம் கிடையாது, ஏற்றத்தில் லாபம் உண்டு. அதனால் எதன் மேல் ஆப்ஷன் எழுதுகிறோமோ அது எவ்வளவு ஆடுமோ அவ்வளவு விலை. ஸ்ட்ரைக் விலையும் ஃபார்வர்டு விலையும் ஒன்றாக இருந்தால் கணக்கு மிக எளிது: முடிவில் விலை வழக்கமாக எத்தனை ரூபாய் விலகியிருக்கும் என்று திட்ட விலக்கத்தைக் கண்டுபிடித்து, அதை 0.4-ஆல் பெருக்கினால் ஆப்ஷன் விலை ஏறக்குறைய வந்துவிடும். எனவே, சராசரி எவ்வளவு ஆடும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

டாலர் ஒரு மாதத்தில் 1.20 ரூபாய் அளவுக்கு ஆடும் என்று வைத்துக்கொண்டோம். 85 ரூபாய் விலையில் இது ஆண்டுக்குச் சுமார் 5 சதவீத ஏற்ற இறக்கம். ஒவ்வொரு மாத நகர்வையும் ஓர் அடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் ஆறு அடி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், மேலேயோ கீழேயோ. கடைசி நாள் விலையில் ஆறு அடிகளும் முழுதாக இருக்கும். முதல் அடிக்கும் ஆறாவது அடிக்கும் அங்கே ஒரே எடை.

சராசரியில் அப்படி இல்லை. முதல் மாதத்தில் டாலர் ஒரு ரூபாய் ஏறினால் அந்த ஒரு ரூபாய் ஆறு மாதக்கடைசி விலைகளிலும் உட்கார்ந்திருக்கும். அதனால் சராசரியும் முழு ஒரு ரூபாய் ஏறும். இரண்டாம் மாதத்தில் ஏறினால் ஐந்து விலைகளில்தான் இருக்கும், சராசரி ஏறுவது ஆறில் ஐந்து பங்கு. ஆறாம் மாதத்து ஒரு ரூபாய் ஒரே ஒரு விலையில்தான் இருக்கும், சராசரி ஏறுவது 17 பைசா. கடைசி மாதத்தில் சந்தை தலைகீழாக நின்றாலும் சராசரிக்கு அது தூரத்து இடி மாதிரிதான்.

ஆட்டத்தைக் கூட்டும்போது அடிகளை அப்படியே கூட்டக்கூடாது, அவற்றின் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். கடைசி நாள் விலைக்கு ஆறு ஒன்றுகள், ஆக 6. சராசரிக்கு 6/6, 5/6, 4/6 என்று இறங்கும் எடைகளின் வர்க்கங்கள்: 36, 25, 16, 9, 4, 1 கூட்டினால் 91, அதை 36-ஆல் வகுத்தால் 2.53. வர்க்கமூலம் எடுத்தால் ஒன்று 2.45, மற்றது 1.59. இவற்றை 1.20-ஆல் பெருக்கினால், கடைசி நாள் விலை ஆடுவது 2.94 ரூபாய், சராசரி ஆடுவது 1.91 ரூபாய். அதே டாலர், அதே சந்தை, அதே ஆறு மாதம். ஆனாலும் சராசரியின் ஆட்டம் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 0.4-ஆல், துல்லியமாகச் சொன்னால் 0.399-ஆல், பெருக்கினால் சாதாரண ஆப்ஷன் டாலருக்கு 1.17 ரூபாய், ஆசிய ஆப்ஷன் 76 பைசா. 30 லட்சம் டாலருக்கு 35.2 லட்சமும் 22.8 லட்சமும்.

மாதம் ஒருமுறை என்பதை விட்டுத் தினமும் விலை எடுத்துச் சராசரி போட்டால் குறைவு இன்னும் கூடும். இடைவிடாத சராசரி என்ற எல்லையில் ஆட்டம் 1/√3 பங்காக, அதாவது சுமார் 58 சதவீதமாக இறங்கி நின்றுவிடும். அதற்குக் கீழே போகாது. ஆறு விலைகளிலேயே 65 சதவீதத்துக்கு வந்துவிட்டோம் என்பதைப் பார்த்தால், பெரும்பகுதிக் குறைவு முதல் சில விலைகளிலேயே கிடைத்துவிடுவது தெரியும்.

இத்தோடு நிறுத்தி, மேலாளரிடம் "மேடம், சராசரி கம்மியா ஆடும், அதான் மலிவு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பல இடங்களில் விளக்கம் இதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் எம்.டி.யின் சந்தேகத்துக்குப் பதில் இரண்டாவது விலையில்தான் இருந்தது.

ஆறு தனி ஆப்ஷன்களின் விலையைப் போடுவோம். முதல் மாதம் முடிவது ஓர் அடிக்கு, இரண்டாவது √2 அடிக்கு, இப்படி √6 வரை. இவற்றின் சராசரி 1.81. விலை டாலருக்கு 86 பைசா, மொத்தம் 25.9 லட்சம். அதாவது, சராசரி என்ற சங்கதியே இல்லாமல், தேவைப்படும் தேதிகளுக்குச் சாதாரண ஆப்ஷன்களைப் பிரித்து வாங்கினாலே 35.2 லட்சம் 25.9 லட்சமாகிவிடுகிறது. முதல் மாதம் கட்டப்போகும் பணத்துக்கு எதற்கு ஆறு மாதக் காப்பு? 12.4 லட்சம் குறைவில் 9.3 லட்சம், தேவையில்லாத காலத்துக்குக் காப்பு வாங்காததால் வந்தது. சராசரி எடுப்பதால் வந்த உண்மையான குறைவு மீதி 3.1 லட்சம்தான்.

சந்தேகமிருப்பவர்கள் தங்கள் கணினியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பத்து லட்சம் கற்பனைப் பாதைகளில் மூன்றையும் விலை போடும் சிறு நிரல் இது:

```python
import numpy as np
z = np.random.default_rng(1).normal(0, 1.20, (1000000, 6))
S = 85 + z.cumsum(axis=1)
vanilla = np.maximum(S[:, -1] - 85, 0).mean()
strip = np.maximum(S - 85, 0).mean()
asian = np.maximum(S.mean(axis=1) - 85, 0).mean()
print(vanilla, strip, asian)
```

1.17, 0.86, 0.76 என்று வரும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நிரலில் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒன்றில் ஒவ்வொரு மாதத்தையும் 85-உடன் ஒப்பிட்டு, நஷ்டத்தைப் பூஜ்யமாக்கி, அதன்பின் சராசரி எடுக்கிறோம். மற்றதில் முதலில் சராசரி எடுத்து, அதன்பின் ஒரே ஒரு தடவை பூஜ்யமாக்குகிறோம். எந்தப் பாதையை எடுத்தாலும் தனி ஆப்ஷன்கள் தருவது ஆசிய ஆப்ஷன் தருவதைவிடக் குறையவே முடியாது. ஏனென்றால் தனி ஆப்ஷன்களில் இறங்கிய மாதம் ஏறிய மாதத்தைத் தொடாது. ஆசிய ஆப்ஷனில் இறங்கிய மாதம் ஏறிய மாதத்தின் லாபத்தைத் தின்றுவிடும்.

ஒரு பாதையை வைத்துக்கொண்டு மேலாளரிடம் இதைக் காட்டினேன். மாதக்கடைசி விலைகள் 86.10, 87.40, 86.20, 84.30, 83.10, 82.90 என்று போகிறது. சராசரி சரியாக 85.00. ஆசிய ஆப்ஷன் ஒரு பைசா தராது. தனி ஆப்ஷன்கள் முதல் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 23.5 லட்சம் தரும். "அப்போ ஆசிய ஆப்ஷன்ல ஏமாந்துட்டோமே சார்?" என்றார். இல்லை. இந்தப் பாதையில் ஆலை கொடுத்த சராசரி விலை 85. பட்ஜெட்டில் எழுதியதும் 85. முதல் மூன்று மாதம் கூடுதலாகக் கொடுத்ததைக் கடைசி மூன்று மாத இறக்கம் திருப்பித் தந்துவிட்டது. தனி ஆப்ஷன்கள் தரும் 23.5 லட்சம் அதற்கு மேல் கிடைக்கும் பணம். நல்ல பணம்தான், ஆனால் நஷ்டஈடு இல்லை. அந்த 3.1 லட்சம் இந்தக் கூடுதலுக்கான விலை. எம்.டி. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்: இதைத்தான் எடுத்துக்கொண்டு குறைத்திருக்கிறார்கள், ஆலைக்கு அது தேவையில்லை.

மூன்றாவதை வாங்கினார்கள். பிரீமியம் முன்பணமாகக் கட்டியாயிற்று. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு மாதத்தின் கடைசி வேலை நாளுக்கும் எஃப்.பி.ஐ.எல். வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட் எடுத்துக்கொள்வது என்று எழுதியிருந்தது. 2018 முதல் ரூபாய்–டாலர் ரெஃபரன்ஸ் ரேட்டை வெளியிடுவது அந்த நிறுவனம்தான், அதற்கு முன் ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. ஆலை உண்மையில் டாலர் வாங்கும் விலை இதிலிருந்து சில பைசா தள்ளி இருக்கும். அதை முன்பே சொல்லிவைத்தேன்.

விலைகள் 85.90, 86.80, 87.50, 87.90, 87.00 என்று போய், ஆறாவது மாதம் சடாரென்று 84.90-க்கு இறங்கிவிட்டது. முதல் விலையை, அதாவது 35 லட்சம் ரூபாய் சாதாரண ஆப்ஷனை வாங்கியிருந்தால் கடைசி நாளில் கையில் பூஜ்யம். ஐந்து மாதம் தொடர்ந்து கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு, பத்துப் பைசா இறக்கத்தால் எதுவும் கிடைத்திருக்காது. சராசரி 86.67. ஆலையின் கூடுதல் செலவு 50 லட்சம், ஆசிய ஆப்ஷன் தந்ததும் 50 லட்சம். தனி ஆப்ஷன்கள் 50.5 லட்சம் தந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் திட்டம் உறுத்தியது. ஆசிய ஆப்ஷன் பணம் தருவது கடைசியில். நாலாவது மாதம் முடியும்போது ஆலை 40.5 லட்சம் கூடுதலாகக் கட்டிவிட்டது, கைக்கு எதுவும் வரவில்லை. ரொக்கக் கடன் வரம்பை ஏறக்குறைய முழுதாக எடுக்க வேண்டி வந்தது, அதற்கு வட்டி வேறு. தனி ஆப்ஷன்கள் என்றால் மாதாமாதம் காசு வந்திருக்கும். 3.1 லட்சம் மிச்சத்தில் ஒரு பகுதி அந்த வட்டிக்குப் போயிற்று. இதை நான் முன்பே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். அடுத்த தடவை சேர்த்தேன்.

விற்கும் வங்கியின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாதாரண ஆப்ஷனின் கடைசி நாட்களில் விலை ஸ்ட்ரைக்கை ஒட்டி ஆடினால் விற்றவர் தூங்க முடியாது. விலை 84.98 என்றால் டாலர் எதுவும் கையில் வேண்டாம், 85.02 என்றால் 30 லட்சமும் வேண்டும். ஆசிய ஆப்ஷனில் மாதம் போகப் போக விலைகள் ஒவ்வொன்றாக உறைந்துவிடும். மூன்று மாதம் முடிந்தால் பாதிச் சராசரி எழுதியாகிவிட்டது. கடைசி நாளில் மீதமிருப்பது 5 லட்சம் டாலரின் ஆட்டம்தான். அன்று ஒரே நாளில் விலையை யாராவது தள்ளிப் பார்த்தாலும் பலன் ஆறில் ஒரு பங்கு.

இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் பார்க்கும் என் மச்சான் காதைத் தீட்டிக்கொண்டான். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் முந்திரிக்கொட்டை இறக்குமதி செய்பவன். "மாமா, எனக்கும் அந்தக் கம்மி விலைதையே வாங்கிக் குடுங்க" என்றான். உனக்கு எத்தனை தடவை பணம் கட்டணும் என்று கேட்டேன். சீசனுக்கு ஒரே சரக்கு, நாலு மாதம் கழித்து ஒரே நாளில் மொத்தமும் கட்ட வேண்டும். அவனுக்குச் சராசரி ஆப்ஷன் உதவாது. மூன்று மாதம் 85-ல் படுத்துக்கிடந்து, நாலாவது மாதம் டாலர் 89-க்கு எகிறினால் அவன் கட்ட வேண்டியது 89. சராசரியோ 86. டாலருக்கு 4 ரூபாய் நஷ்டம், கைக்கு வருவது 1 ரூபாய். அவனுடைய ஆபத்து முழுக்கக் கடைசி நாளில் இருக்கிறது, சராசரி ஆப்ஷன் எடை குறைத்துத் தள்ளுவதும் அந்தக் கடைசி நாளைத்தான். அதுவுமில்லாமல், அவனைப் போன்ற சிறு வணிகருக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகள் விற்கக்கூடியவை ஃபார்வர்டு, சாதாரண ஐரோப்பிய ஆப்ஷன் போன்ற எளிய வகைகள்தான். ஒரு ஃபார்வர்டு போட்டுக்கொண்டு போனான்.

பெயரில் சராசரி என்று இருப்பதாலேயே மலிவு என்று நம்பக்கூடாது. சராசரி எடுக்கும் நாட்கள் எங்கே விழுகின்றன என்பதுதான் எல்லாம். ஆறு மாத ஆப்ஷனில் கடைசி ஒரு மாதத்தின் தினசரி விலைகளை மட்டும் சராசரி போடும் ஒப்பந்தங்கள் உண்டு. மாதச் சராசரி விலைக்கு உலோகமோ எண்ணெயோ வாங்குபவர்களுக்கு அது பொருத்தமானது. ஆனால் அங்கே முதல் ஐந்து அடிகளுக்கும் முழு எடை, ஆறாவது அடி மட்டும்தான் சுருங்குகிறது. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6 என்பது 5.33 ஆகும், அவ்வளவுதான். விலை குறைவது சுமார் 6 சதவீதம். விலைப்பட்டியலில் சராசரி என்று பார்த்தவுடன், முதல் விலை எந்தத் தேதியில் எடுக்கப்படுகிறது என்ற வரியைத் தேடுங்கள்.

ஆசிய ஆப்ஷன் சாதாரண ஆப்ஷனைவிடக் கூடுதல் விலைக்குப் போகும் இடமும் உண்டு. ஆரம்பத்தில் ஃபார்வர்டு 85 என்று தட்டையாக வைத்துக்கொண்டோம். உண்மையில் இங்கே ரூபாய் வட்டி டாலர் வட்டியைவிடப் பொதுவாகக் கூடுதல் என்பதால், தள்ளிப்போகப் போக டாலரின் ஃபார்வர்டு விலை ஏறும். மாதத்துக்கு 12 பைசா என்று வையுங்கள். ஆறாம் மாத ஃபார்வர்டு 85.72, ஆறு மாதங்களின் சராசரி 85.42. இறால் ஏற்றுமதி செய்பவர் ஒருவர், டாலர் இறங்கினால் காப்பாற்றும் புட் ஆப்ஷனை 90 ரூபாய் ஸ்ட்ரைக்கில் கேட்கிறார் என்றால், சாதாரணப் புட் ஏறக்குறைய 4.38 ரூபாய், ஆசியப் புட் 4.59. அவ்வளவு உயரமான ஸ்ட்ரைக்கில் விலையைத் தீர்மானிப்பது ஆட்டமல்ல, இடைவெளி. 90-லிருந்து 85.42-க்கு உள்ள தூரம் 85.72-க்கு உள்ளதைவிட அதிகம். ஸ்ட்ரைக்கை 85-க்குக் கொண்டுவந்தால் பழையபடி ஆசியப் புட் மலிவாகிவிடும்.

அடுத்த அரையாண்டுக்கு மேலாளர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை நாலாவது மாதம் ஆலையைப் பராமரிப்புக்கு மூடுகிறார்கள், அந்த மாதம் இறக்குமதி இல்லை. விட்டதைப் பிடிக்க ஐந்தாம் மாதம் 7 லட்சம் டாலர், ஆறாம் மாதம் 8 லட்சம். மொத்தம் அதே 30 லட்சம்தான். வங்கி பழைய ஒப்பந்தத்தையே தேதி மாற்றி அனுப்பியிருந்தது, ஆறு மாதத்துக்கும் சம எடையோடு. அப்படியே விட்டிருந்தால், எதுவும் வாங்காத நாலாம் மாதத்து விலையும் சராசரியில் ஏறி உட்கார்ந்திருக்கும், அதிகம் வாங்கும் கடைசி இரண்டு மாதங்களுக்குக் காப்பு போதாமல் போயிருக்கும். எடைகளை 5, 5, 5, 0, 7, 8 என்று மாற்றித் தரச் சொன்னோம். பாரம் பின்னால் தள்ளிப்போனதால் ஆட்டம் கொஞ்சம் கூடுகிறது. பழைய அனுமானங்களிலேயே போட்டால் 2.53 என்பது 2.71 ஆகும், விலை 76 பைசாவிலிருந்து 79 பைசாவாகும். வங்கி கேட்ட கூடுதல் தொகையும் அந்தக் கணக்கை ஒட்டியே, சுமார் 80 ஆயிரம் ரூபாய். மேலாளர் தன் கணக்குத்தாளோடு ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, எம்.டி.யிடம் கையெழுத்துக்கு எடுத்துப் போனார்.